ஸ்டாக்கிஸ்ட் தரும் 316எல் சர்டிபிகேட்டில் மில் பெயரே இல்லை. ராடை அப்ரூவ் செய்யலாமா?

அம்பத்தூர்_கதிர்:
வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் கொள்முதல் பார்க்கிறேன். மருந்து கம்பெனிகளுக்குப் போகிற வால்வுகளுக்கு ஸ்பிண்டில், வெல்டிங் செய்து சேர்க்கிற சின்ன ஃபிட்டிங் எல்லாம் கடைசல் போட்டுக் கொடுக்கிறோம். மெட்டீரியல் 316எல், 32 மிமீ பிரைட் ராடு. வாடிக்கையாளரின் ஆர்டரிலேயே "ஏஎஸ்டிஎம் ஏ479, ஈஎன் 10204 டைப் 3.1 சர்டிபிகேட்டுடன்" என்று போட்டிருக்கிறார்கள்.

இதுவரை ஒரே இடத்தில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது பாரிமுனைப் பக்கம் ஒரு புது ஸ்டாக்கிஸ்ட் நல்ல ரேட் சொல்கிறார். சர்டிபிகேட் கேட்டேன், உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பார்த்தால் அவருடைய லெட்டர்பேடிலேயே டைப் செய்தது. ஹீட் நம்பர் இருக்கிறது. கார்பன் 0.022, மாங்கனீஸ் 1.38, குரோமியம் 16.6, நிக்கல் 10.1, மாலிப்டினம் 2.06 என்று கெமிக்கலும் இருக்கிறது. மேலே பெரிதாக "3.1" என்றும் போட்டிருக்கிறது. மில் பெயர் மட்டும் இல்லை. ஒரிஜினல் கேட்டால், "மில் பெயரைச் சொன்னால் நீங்கள் நேராக அங்கே போய்விடுவீர்களே" என்று சிரிக்கிறார். கூடவே ஒரு லேப் ரிப்போர்ட்டும் கொடுத்தார்.

எங்கள் முதலாளி "ரிப்போர்ட்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவரிடம் சரியாக என்னென்ன கேட்க வேண்டும்?

ஆடிட்_ராஜி:
புது சப்ளையர் என்றால் முதலில் வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன் படிவம் வாங்குங்கள். ஐஎஸ்ஓ 9001 சர்டிபிகேட் காப்பி, ஜிஎஸ்டி, உத்யம் பதிவு, கேன்சல் செய்த செக், சுய மதிப்பீட்டுப் படிவம் இவை ஃபைலில் இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ சர்டிபிகேட்டின் காலாவதி தேதியை மறக்காமல் பாருங்கள். ஆடிட்டில் முதலில் கேட்பதே அதைத்தான்.

அம்பத்தூர்_கதிர்:
மேடம், அதெல்லாம் வாங்கிவிட்டேன். ஐஎஸ்ஓவும் இருக்கிறது. நான் கேட்பது ஆளைப் பற்றி இல்லை, கம்பியைப் பற்றி.

கடைசல்_முருகன்:
தம்பி, பேப்பரை வைத்துக்கொண்டு ஏன் மண்டையைக் குழப்பிக்கொள்கிறாய்? பாடியில் எக்ஸ்ஆர்எஃப் கன் வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு கம்பிக்குப் பத்து நொடிதான். குரோமியம், நிக்கல், மாலி எல்லாம் திரையில் வந்துவிடும். 316 என்று காட்டினால் வாங்கு, 304 என்று காட்டினால் திருப்பி அனுப்பு. கன் இல்லையென்றால் காந்தம் வைத்துப் பார், ஒட்டினால் டூப்ளிகேட். இத்தனை வருடமாக நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
முருகன் சொன்னதில் பாதி சரி. அந்த மீதிப் பாதிதான் கதிரின் பிரச்சினை.

கையில் பிடிக்கிற எக்ஸ்ஆர்எஃப் கன்னுக்குக் கார்பன் தெரியாது. 304 வேறு, 316 வேறு என்று அது நன்றாகவே சொல்லும், ஏனென்றால் வித்தியாசம் மாலிப்டினத்தில் இருக்கிறது. ஆனால் 316க்கும் 316எல்லுக்கும் உள்ள வித்தியாசமே கார்பன்தான். 316இல் 0.08 சதவீதம் வரை போகலாம், எல் கிரேடில் 0.030தான் உச்சம். திரையில் "316எல்" என்றே காட்டினாலும் அது கன் அளந்து சொன்னதில்லை, அதன் பட்டியலில் இருக்கிற பெயர்.

காந்தத்தை விட்டுவிடுங்கள். பிரைட் ராடைக் குளிர் நிலையில் இழுத்திருந்தால் நல்ல 316கூட லேசாக ஒட்டும். அதே நேரம் நம் சந்தையில் ஜே4 என்று விற்கிறார்களே, நிக்கலைக் குறைத்து மாங்கனீஸை ஏற்றிய சரக்கு, அது சுத்தமாக ஒட்டாது. அப்படியென்றால் காந்தம் நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை உள்ளே விடும்.

மருந்து கம்பெனிக்காரர் எல் கேட்பது வெல்டிங்குக்காக. வெல்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டை 425 முதல் 850 டிகிரி வரைக்கும் சூடாகும். கார்பன் அதிகமாக இருந்தால் அந்தச் சூட்டில் அது குரோமியத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையிலான மணி எல்லைகளில் கார்பைடாக உட்கார்ந்துவிடும். அங்கே குரோமியம் குறைந்துபோய், வெல்டை ஒட்டின மாதிரியே ஒரு கோட்டில் அரிக்கும். ஃபிட்டிங் உங்களிடமிருந்து போகும்போது பளபளவென்றுதான் இருக்கும். தெரியவரும்போது அது பைப் லைனில் இருக்கும்.

இப்போது சர்டிபிகேட்டுக்கு வருவோம். 3.1 என்பதைத் தயாரிப்பாளர்தான் கொடுக்க முடியும். உங்களுக்கு வந்த அதே சரக்கை, அதாவது ஒரே உருக்கில் வந்த அதே ஹீட்டைச் சோதித்த முடிவு அதில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் உற்பத்திப் பிரிவைச் சேராத இன்ஸ்பெக்ஷன் ஆளாக இருக்க வேண்டும். 2.2 என்று ஒன்று இருக்கிறது, அதிலும் எண்கள் இருக்கும், ஆனால் அவை உங்கள் சரக்கின் எண்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நடுவில் இருக்கிற வியாபாரி செய்யக்கூடியது, மில் கொடுத்ததைத் திருத்தாமல் காப்பி எடுத்து, எந்தச் சரக்குக்கு எந்தக் காப்பி என்று தடம் காட்டிக் கொடுப்பது. எண்களைத் தன் லெட்டர்பேடில் திரும்ப டைப் செய்து மேலே 3.1 என்று போட்டால் அது 3.1 ஆகாது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் டைப் செய்யும்போது 0.032 என்பது 0.022 ஆகிவிட்டால் உங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

கதிர், அந்த லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சாம்பிளை எடுத்தது யார், அளவு என்ன, அடியில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, மூன்றையும் சொல்லுங்கள்.

அம்பத்தூர்_கதிர்:
சார், இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வாடிக்கையாளர் பெயர் ஸ்டாக்கிஸ்ட். சாம்பிள் "எஸ்எஸ் ரவுண்ட் பார் 25 மிமீ". ஹீட் நம்பருக்குப் பக்கத்தில் "வாடிக்கையாளர் கூறியபடி" என்று இருக்கிறது. அடியில் "இந்த முடிவுகள் கொடுக்கப்பட்ட சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும்". நாங்கள் வாங்குவது 32 மிமீ.

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
லேப் பொய் சொல்லவில்லை. யாரோ ஒரு 25 மிமீ துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார், அந்தத் துண்டு 316எல். அவ்வளவுதான் அந்தத் தாளுக்குத் தெரியும். உங்கள் 32 மிமீ கம்பியோடு அதைக் கட்டுகிற கயிறு எதுவும் அதில் இல்லை.

அந்த லேப் என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றது என்று முத்திரை இருந்தால் யூஎல்ஆர் என்று தொடங்குகிற நீளமான எண் ஒன்று ரிப்போர்ட்டில் இருக்கும். லேப் பெயரை என்ஏபிஎல் தளத்தில் போட்டு, அவர்களுடைய ஸ்கோப்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கார்பன் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். சிமென்ட்டுக்கு அங்கீகாரம் வாங்கிவிட்டு ஸ்டீல் ரிப்போர்ட் கொடுக்கிற லேப்களும் உண்டு.

மாதவரம்_மசாலா:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் மிளகாய்த்தூள் பாக்கெட் போடுகிறோம். எங்களுக்கு வத்தல் சப்ளை செய்கிறவரும் இப்படித்தான் வருஷத்துக்கு ஒரு லேப் ரிப்போர்ட் எடுத்து எல்லா லோடுக்கும் அதையே ஜெராக்ஸ் போட்டுத் தருகிறார். அஃப்ளடாக்ஸின் "கண்டறியப்படவில்லை" என்று இருக்கும். சார் சொன்னதைப் பார்த்துவிட்டு எடுத்துப் பார்த்தேன், இதிலும் "கொடுக்கப்பட்ட சாம்பிளுக்கு மட்டுமே". அப்போது எங்களுக்கும் இதே கதைதானா?

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
உங்களுக்கு இன்னும் மோசம் அம்மா. ஸ்டீலில் ஒரு ஹீட் உருகி ஒன்றாகக் கலந்தது, எங்கே வெட்டினாலும் ஏறக்குறைய ஒரே கெமிக்கல்தான். வத்தலில் பூஞ்சை ஒரு மூட்டையில் இருக்கும், பக்கத்து மூட்டையில் இருக்காது. ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் அடுத்த லோடுக்கு ஒன்றும் சொல்லாது. எனக்கு உணவு அவ்வளவாகத் தெரியாது, தனி இழை போடுங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

சரக்கு_சண்முகம்:
நானும் ஸ்டாக்கிஸ்ட்தான், செம்புதாஸ் தெரு. கதிர் சொல்கிற ஆள் நான் இல்லை. எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். மில் சர்டிபிகேட்டைக் கொடுத்தால் அடுத்த மாதமே பார்ட்டி மில்லுக்கு மெயில் போடுகிறார். எனக்கே நடந்திருக்கிறது. அதனால்தான் நிறையப் பேர் பெயரை மறைக்கிறார்கள், திருட்டுக்காக இல்லை.

ஆனால் உண்மையைச் சொன்னால், அரை டன், ஒரு டன் வாங்குகிறவருக்கு மில் நேராகக் கொடுக்காது. இதைக் கதிர் அவரிடம் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொல்லலாம். நான் கொடுக்கிற விதம் இதுதான்: மில் சர்டிபிகேட் காப்பியில் என் சீல், என் இன்வாய்ஸ் நம்பர், பார்ட்டி பெயர், எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுப்பேன். அந்தக் காப்பியை அவர் வேறு யாருக்கும் காட்ட முடியாது. பெயர் தெரிந்தால் தெரியட்டும்.

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
சண்முகம் சொன்ன "எத்தனை கிலோ" முக்கியம். மில் சர்டிபிகேட்டில் அந்த ஹீட்டில் எத்தனை கிலோ அனுப்பினார்கள் என்று இருக்கும். அதில் 2,480 கிலோ இருக்கிறது, ஸ்டாக்கிஸ்ட் அதே தாளை வைத்து இந்த வருஷம் முழுக்க ஊரெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் நடுவில் வேறு சரக்கு கலந்திருக்கிறது. அவர் மில்லிடமிருந்து வாங்கிய இன்வாய்ஸில் விலையை மறைத்துவிட்டு எடையையும் தேதியையும் மட்டும் காட்டச் சொல்லுங்கள். மறுக்கக் காரணமே இல்லை.

மில் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் அளவு 32 மிமீதானா, ஏ479 என்று இருக்கிறதா, வெறும் ஏ276ஆ என்று பாருங்கள். இழுவலிமை குறைந்தது 485, ஈல்டு குறைந்தது 170 எம்பிஏ இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மில்லின் தர ஆய்வுப் பிரிவுக்குச் சர்டிபிகேட் எண்ணைப் போட்டு மெயில் அனுப்புங்கள். மெயில் முகவரியைத் தாளிலிருந்து எடுக்காதீர்கள், மில்லின் இணையதளத்திலிருந்து எடுங்கள்.

அதற்கப்புறம் சோதனை லாட். மொத்தமாக வாங்காதீர்கள். பண்டிலுக்கு ஒன்றாகக் கம்பி எடுங்கள், அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்காமல் நீங்களே போய் எடுங்கள். 32 மிமீ ஆறு மீட்டர் கம்பி சுமார் 38 கிலோ வரும். ஒரு துண்டு வெட்டி லேப்பில் கார்பனையும் அளக்கிற ஸ்பார்க் டெஸ்ட் போட ஆகிற செலவு அந்தக் கம்பியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அம்பத்தூர்_கதிர்:
எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் எடுத்துக்கொண்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

சண்முகம் அண்ணன் சொன்ன மாதிரியே பேசினேன். ஸ்டாக்கிஸ்ட் கடைசியில் மில் சர்டிபிகேட் காப்பியைக் கொடுத்தார். எண்கள் அவர் டைப் செய்ததோடு ஒத்துப்போகின்றன, அதில் தப்பில்லை. பிறகு குடோனுக்கு நேரில் போனேன். மூன்று பண்டில் இருந்தது. இரண்டில் கம்பி முனையில் ஹீட் நம்பர் இங்க்கில் தெளிவாக இருந்தது. மூன்றாவதில் இங்க் அழிந்துபோய், தகட்டு டேக் மட்டும் தொங்கியது. நம்பர் அதேதான், ஆனால் டேக்கைக் கட்டியிருந்த கம்பி புதுசு.

ஒவ்வொன்றிலும் ஒரு கம்பி எடுத்தேன். முருகன் அண்ணன் வருத்தப்படக் கூடாது என்று முதலில் கன்னும் வைத்துப் பார்த்தோம், மூன்றுமே 316 என்றுதான் காட்டியது. அப்புறம் கிண்டியில் என்ஏபிஎல் லேப்பில் ஸ்பார்க் டெஸ்ட். முதல் கம்பியில் கார்பன் 0.021, இரண்டாவதில் 0.024, மூன்றாவதில் 0.048. மாலிப்டினம் மூன்றிலும் 2.04க்கும் 2.09க்கும் நடுவில்.

மூன்றாவது பண்டில் 316தான், 316எல் இல்லை. சரிதானே?

கடைசல்_முருகன்:
அடப்பாவி, கன் மூன்றையும் ஒரே மாதிரிதானே காட்டியது! சரி, கார்பன் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 0.030ஐத் தாண்டினாலே தள்ள வேண்டியதுதானே, இதில் கேள்வி என்ன இருக்கிறது?

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
தாண்டினாலே தள்ளுவது கிடையாது முருகன். 0.030 என்பது மில் உருக்கும்போது எடுக்கிற ஹீட் அனாலிசிஸுக்கான உச்சம். முடிந்த கம்பியை நாம் வெட்டிப் பார்க்கும்போது இந்த அளவுக்கு 0.005 வரை கூடுதல் அனுமதி உண்டு, ஏ484இல் இருக்கிறது. 0.034 வந்திருந்தால் நான் ஏற்றுக்கொள்ளச் சொல்லியிருப்பேன். 0.048 அந்த அனுமதிக்கு வெகு தூரம்.

ஆனால் கதிர், தள்ளுவதற்கு முன்னால் ஒன்று. குறைந்த கார்பனை ஸ்பார்க் டெஸ்டில் பார்க்கும்போது மேற்பரப்பில் கட்டிங் ஆயில் ஒட்டியிருந்தாலோ, தேய்த்த பெல்ட் அழுக்காக இருந்தாலோ கார்பன் கூடுதலாகக் காட்டும். அதே துண்டிலிருந்து சுத்தமான சீவல் எடுத்து கார்பன்–சல்ஃபர் அனலைசரில் எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டாக்கிஸ்ட் முதலில் எழுப்பப்போகிற எதிர்வாதமே இதுதான்.

இன்னொன்று. மூன்று ரிப்போர்ட்டிலும் மாங்கனீஸும் காப்பரும் எவ்வளவு?

அம்பத்தூர்_கதிர்:
சீவல் டெஸ்டும் போட்டாயிற்று, 0.047. மாங்கனீஸ் முதல் இரண்டில் 1.37, 1.39. மூன்றாவதில் 1.71. காப்பர் 0.31, 0.30, மூன்றாவதில் 0.52.

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
சர்டிபிகேட்டில் மாங்கனீஸ் 1.38. அப்படியானால் முதல் இரண்டு பண்டிலும் அந்தத் தாளுக்கு உரியவை. மூன்றாவது வேறு ஹீட், டேக் மட்டும் அதே. காப்பரை யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை, உருக்கப் போட்ட ஸ்கிராப்பிலிருந்து வருவது. அதனால் ஹீட்டுக்கு ஹீட் மாறும், ஒரே ஹீட்டுக்குள் மாறாது. ஆளின் கைரேகை மாதிரி.

முருகனுக்கும் இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. மாங்கனீஸும் காப்பரும் கன்னிலேயே தெரியும். திரையில் வருகிற கிரேடு பெயரோடு நிற்காமல் அந்த இரண்டு எண்ணையும் சர்டிபிகேட்டோடு ஒத்துப் பார்த்திருந்தால் மூன்றாவது கம்பி மேல் அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். கன்னால் எல் கிரேடை உறுதிசெய்ய முடியாது. ஆனால் இது சர்டிபிகேட்டில் இருக்கிற ஹீட் இல்லை என்று சொல்ல அதற்குத் திராணி இருக்கிறது.

ஆடிட்_ராஜி:
அப்படியென்றால் இந்த சப்ளையர் ரிஜெக்ட்தானே? டேக் மாற்றியிருக்கிறார். இது மோசடி. என்சிஆர் போட்டு லிஸ்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சரக்கு_சண்முகம்:
அவசரப்படாதீர்கள் மேடம். குடோனில் பண்டில் பிரிந்துபோனால் லோடுமேன் கையில் கிடைத்த டேக்கைக் கட்டிவிட்டுப் போவான். நான் பார்த்திருக்கிறேன். 316உம் 316எல்லும் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இருக்கும், பார்வைக்கு ஒன்றுதான். அவரிடம் கேட்கும்போது கோபப்படுகிறாரா, உடனே குடோனைப் பார்க்க ஓடுகிறாரா என்று பாருங்கள். அதிலேயே தெரிந்துவிடும்.

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
எது நடந்ததோ, மருந்து லைனுக்குப் போகிற ஃபிட்டிங்குக்கு இரண்டும் ஒன்றுதான். நான் அந்த இடத்தில் இருந்தால் ஒவ்வொரு கம்பியிலும் ஹீட் நம்பர் இருந்தால் மட்டும் எடுப்பேன், டேக்கை நம்பி எடுக்க மாட்டேன் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுவேன். கொஞ்ச காலத்துக்கு ஒவ்வொரு ஹீட்டுக்கும் கார்பன் டெஸ்ட் போடுவேன். வெல்டிங் ஃபிட்டிங்குக்கு மட்டும் ஏ262 பிராக்டிஸ் ஈ சேர்த்துக் கேட்பேன். சாம்பிளை 675 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு காப்பர் சல்ஃபேட், கந்தக அமிலக் கரைசலில் கொதிக்கவைத்து, வளைத்துப் பார்ப்பார்கள். மணி எல்லை அரித்திருந்தால் வளைவில் விரிசல் விடும். ஸ்பிண்டிலுக்கு இது அனாவசியச் செலவு.

ஆடிட்_ராஜி:
இதில் எனக்கு உடன்பாடில்லை சார். ஒவ்வொரு ஹீட்டையும் நாமே சோதித்துத்தான் வாங்க வேண்டும் என்றால் அந்த சப்ளையரை எதற்கு அப்ரூவ் செய்ய வேண்டும்? அந்த டெஸ்ட் செலவைக் கூட்டினால் ரேட்டில் மிச்சமானது போய்விடும்.

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
அந்தக் கணக்கைக் கதிரின் முதலாளிதான் போட வேண்டும். மாதம் அரை டன் என்றால் நீங்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம்.

அம்பத்தூர்_கதிர்:
ஸ்டாக்கிஸ்ட்டிடம் ரிப்போர்ட்டைக் காட்டினேன். கோபப்படவில்லை. மூன்றாவது பண்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார், டெஸ்ட் செலவில் பாதியும் கொடுத்தார். முதல் இரண்டு பண்டிலை மட்டும் சோதனை லாட்டாக எடுக்கலாம் என்று முதலாளியும் இறங்கி வந்துவிட்டார்.

ஆனால் புதுசாக ஒன்று முளைத்திருக்கிறது. மில் சர்டிபிகேட்டை மறுபடி படித்தால், உருக்கி உருட்டியது ஒரு மில். கம்பியைத் தோலுரித்து பிரைட் ஆக்கியது வேறொரு கம்பெனி. கையெழுத்து இரண்டாவது கம்பெனியுடையது, கெமிக்கல் எண்கள் முதல் மில்லிடமிருந்து எடுத்து எழுதியவை. இதில் "தயாரிப்பாளர்" யார்?

சரக்கு_சண்முகம்:
பிரைட் பாரில் இது சகஜம் தம்பி. எங்களுக்கு வருவதில் பெரும்பாலானது அப்படித்தான். இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

பழைய_மெட்டலர்ஜிஸ்ட்:
பிரைட் பார் கம்பெனி முடிந்த அளவில் இழுவலிமை, ஈல்டு சோதனைகளைத் தானே செய்து, ஹீட் நம்பரை மாற்றாமல், மில்லின் சர்டிபிகேட்டையும் பின்னால் இணைத்துக் கொடுத்தால் நான் 3.1 ஆக ஏற்றுக்கொள்வேன். உருக்கிய மில்லின் தாள் இல்லாமல் எண்களை எடுத்து எழுதினால் மட்டும் மாட்டேன். ஆனால் சில வாடிக்கையாளர்கள் உருக்கிய மில்லின் 3.1தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பார்கள். உங்கள் வாடிக்கையாளரின் தரப் பிரிவுக்கு இரண்டு தாளையும் அனுப்பி, இது ஏற்கத்தக்கதா என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் "ஓகே ஓகே" என்பதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அம்பத்தூர்_கதிர்:
உருக்கிய மில்லின் தாளை ஸ்டாக்கிஸ்ட் கேட்டு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளருக்கு மெயிலும் போட்டுவிட்டேன், பதில் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.

கடைசல்_முருகன்:
அதுவரைக்கும் கம்பியைத் தொட வேண்டாம் என்று ஷாப்பில் சொல்லிவை. தொட்டாலும் நம்பர் இல்லாத முனையிலிருந்து வெட்டச் சொல். நம் பையன்கள் முதல் வெட்டிலேயே நம்பர் இருக்கிற முனையை வெட்டி ஸ்கிராப் தொட்டியில் போட்டுவிடுவார்கள், அப்புறம் மிச்சம் இருக்கிற ஐந்தரை மீட்டருக்கு ஹீட் என்னவென்று யாருக்கும் தெரியாது.

மாதவரம்_மசாலா:
வத்தலுக்குத் தனி இழை போட்டிருக்கிறேன். மூட்டையில் எத்தனை இடத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அங்கே வந்து சொல்லுங்கள்.